கிரியாட்டினும் கிரியாட்டினினும்: கோவிட் விட்டுப்போன சோர்வோடு ஒரு கணக்கு

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் பதினெட்டுப் படி. 2022 ஜனவரியில் வீட்டில் எல்லோருக்கும் கோவிட் வந்துபோனது. எனக்கு நான்கு நாள் காய்ச்சல், கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். மார்ச் மாதம் ஒரு காலையில் துணி காயப்போட வாளியோடு ஏறியவள், பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கவில்லை, நெஞ்சும் வலிக்கவில்லை. தொடை இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனத்தன. வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன். அன்று சமாளித்துவிட்டேன். மறுநாள்தான் எழுந்திருக்கவே முடியவில்லை.

ஈரோட்டில் மூன்று ஜவுளிக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். உடம்புச் சோர்வைவிட என்னைப் பயமுறுத்தியது தலைக்குள் இருந்த மூட்டம். பில்லில் 6,845 என்று இருக்கும், நான் 6,485 என்று ஏற்றியிருப்பேன். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு முறை அந்தச் சோதனை எனக்குத் தேவைப்படும். அந்த வருடம் ஒரே நாளில் மூன்று முறை தேவைப்பட்டது.

ரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை, பி12, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், இதயத்துக்கு எக்கோ என்று எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறையில்லை. சோர்வு என்று சொல்கிற யாரும் முதலில் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் அதற்கு நேரடி மருந்து இருக்கிறது, நான் கீழே எழுதப்போகும் பவுடர் அதற்குப் பதில் ஆகாது. எனக்கு ஒன்றும் கிடைக்காததால், ஒரு நுரையீரல் டாக்டர்தான் "இது லாங் கோவிட்மா. வேலை செய்த மறுநாள் விழுவதுதான் இதோட அடையாளம்" என்றார். கையில் இருக்கும் தெம்புக்குள் வேலையைச் சுருக்கிக்கொள்ளச் சொன்னார். அதைப் பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை.

கிரியாட்டின் பேச்சை எடுத்தவன் அக்கா மகன். ஜிம்முக்குப் போகிறவன். "சித்தி, நான் குடிக்கிற பவுடரை லாங் கோவிட்டுக்குக் குடுத்துப் பாத்திருக்காங்களாம்" என்றான். என் மாமியாருக்கு அந்த டப்பாவைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. "ஜிம்முப் பசங்க ஊசி போட்டுக்கறாங்களே, அதுதானே இது?" என்றார். அது இல்லை. கிரியாட்டின் ஸ்டீராய்டு அல்ல. நம் உடம்பே தினமும் ஒரு கிராம் அளவுக்குச் செய்துகொள்கிற பொருள். மீதி, கறியிலும் மீனிலும் இருந்து வருகிறது. ஒரு கிலோ பச்சைக் கறியில் நான்கைந்து கிராம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுக்கும் எங்கள் வீட்டில், சாப்பாட்டு வழியாக வருவது கொஞ்சம்தான். சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களின் தசையில் சேமிப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இது உடம்பில் என்ன வேலை செய்கிறது என்பதை நான் என் தொழில் வழியாகத்தான் புரிந்துகொண்டேன். செல்லுக்குள் செலவாகும் சில்லறைக்கு ஏடிபி என்று பெயர். தசை வேகமாக வேலை செய்தால் அந்தச் சில்லறை சில விநாடிகளில் தீர்ந்துபோகும். புதிதாக வருவதற்குள் பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்குவதுபோல, பாஸ்போகிரியாட்டின் தன்னிடம் இருக்கும் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியை உடனே நிரப்புகிறது. மூளையிலும் இதே ஏற்பாடு உண்டு. பெரிய ஆள் ஒருவரின் உடம்பில் சுமார் 120 கிராம் கிரியாட்டின் இருக்கும், அதில் ஏறக்குறைய 95 சதவீதம் தசையில். தினமும் சுமார் 2 கிராம் கிரியாட்டினின் என்ற கழிவாக மாறிச் சிறுநீரில் போய்விடுகிறது. பெயரில் ஒரு 'னி'தான் கூடுதல். அந்த ஒரு எழுத்து பின்னால் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை, அதற்கு வருகிறேன்.

வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும் சோர்வில் செல்லின் ஆற்றல் உற்பத்தி தடுமாறுகிறது என்ற எண்ணம் ஆய்வாளர்களிடம் இருக்கிறது. அப்படியானால் கைமாற்றுக் கையிருப்பைக் கூட்டினால் என்ன ஆகும்? செர்பியாவின் நோவி சாத் நகரில் செர்கேய் ஓஸ்தோயிச்சின் குழு இதைச் சோதித்து 2023-ல் வெளியிட்டது. கோவிடுக்குப் பிறகு சோர்வு தங்கிவிட்ட 12 பேர். ஆறு பேருக்கு தினமும் 4 கிராம் கிரியாட்டின் மோனோஹைட்ரேட், மற்ற ஆறு பேருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இனுலின் என்ற வெறும் நார்ச்சத்துத் தூள். ஆறு மாதம் கொடுத்தார்கள். கிரியாட்டின் எடுத்தவர்களின் தொடைத் தசையிலும் மூளையின் சில பகுதிகளிலும் கிரியாட்டின் அளவு ஏறியது ஸ்கேனில் தெரிந்தது. மூன்றாவது மாதத்திலேயே சோர்வு குறைந்திருந்தது. ஆறாவது மாதத்தில் உடல்வலி, தலைவலி, கவனம் நிற்காமை போன்றவையும் குறைந்திருந்தன.

படித்ததும் எனக்கு வந்த உற்சாகத்தைக் கணக்குதான் அடக்கியது. ஆறு பேர் பத்துக்கு எட்டு என்ற சோர்வோடு தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். அதில் ஒரே ஒருவர், பவுடரால் அல்ல, தானாகவே தேறி இரண்டுக்கு வந்துவிட்டால் போதும், ஆறு பேரின் சராசரி ஒரு புள்ளி இறங்கிவிடும். மற்ற ஐந்து பேர் அப்படியே இருந்தாலும் தாளில் 'சோர்வு குறைந்தது' என்றுதான் வரும். சின்ன ஆய்வு என்றால் பொய் என்று அர்த்தமில்லை, ஒரு ஆள் அசைந்தாலே தராசு அசையும் என்று அர்த்தம். அதே குழு பிறகு 15 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, குளுக்கோஸோடு சேர்த்துக் கொடுத்தும் எட்டு வாரம் பார்த்தது. அதிலும் முன்னேற்றம் சொன்னார்கள், ஆனால் பிரிவுக்கு ஐந்து பேர்தான். ஓஸ்தோயிச் கிரியாட்டின் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் இருப்பதைத் தன் கட்டுரைகளில் அவரே அறிவித்திருக்கிறார். அதற்காக ஆய்வைத் தள்ளிவிட வேண்டியதில்லை. வேறு ஊர்க்காரர்களும் செய்து பார்க்கும்வரை கையில் வைத்திருக்க வேண்டிய விஷயம் என்று குறித்துக்கொண்டேன்.

வேறு ஊர் என்றால் இங்கிலாந்தில் ஒன்று இருக்கிறது. 2024-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், எம்இ/சிஎஃப்எஸ் எனப்படும் நாள்பட்ட சோர்வு நோய் உள்ள 14 பேருக்கு ஆறு வாரம், தினமும் 16 கிராம் கொடுத்தார்கள். இந்த நோயும் பலருக்கு ஏதோ ஒரு தொற்றுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. மூளையில் கிரியாட்டின் ஏறியது, சோர்வு மதிப்பெண் குறைந்தது, கைப்பிடி வலு கூடியது. ஆனால் இதில் வெறும் தூள் வாங்கிய பிரிவே இல்லை, எல்லோருக்கும் தாங்கள் எடுப்பது என்ன என்று தெரியும். 'புதுசா ஒண்ணு சாப்பிடறோம்' என்ற நம்பிக்கையே ஒரு புள்ளி, இரண்டு புள்ளி குறைக்கக்கூடிய அறிகுறி இது.

என்னைத் தரையில் நிற்க வைத்தது நோவி சாத் குழுவே 2016-ல் வெளியிட்ட பழைய ஆய்வு. கிரியாட்டினாக மாறும் முந்தைய பொருளான குவானிடினோஅசிட்டிக் அமிலத்தை நாள்பட்ட சோர்வு உள்ள 21 பெண்களுக்கு, வெறும் தூளோடு ஒப்பிட்டு, மூன்று மாதம் கொடுத்தார்கள். தசையில் கிரியாட்டின் ஏறியது, வலுவும் கூடியது. பொதுவான சோர்வு மட்டும் குறையவில்லை. சேமிப்பு நிரம்புவதும் களைப்பு போவதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆதாரம் இவ்வளவு மெல்லியதாக இருந்தும் ஏன் எடுத்தேன்? 4 கிராம் என்பது விளையாட்டுக்காரர்கள் முப்பது வருடமாக எடுத்துவரும் அளவு, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து காணப்படவில்லை. டாக்டரிடம் கேட்டேன். "முதலில் கிட்னி டெஸ்ட் எடுத்து வெச்சுக்கோங்க, அப்புறம் மூணு மாசம் பாருங்க" என்றார். கிரியாட்டினின் 0.8. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மனநிலை ஏறி இறங்கும் இருமுனை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. அந்தக் கடைசி வகையினரில் சிலருக்கு மனநிலை தூக்கலாகப் போனதாகப் பதிவு இருக்கிறது.

பவுடரைத் தொடும் முன் நான்கு வாரம் வெறும் கணக்கு மட்டும் எழுதினேன். இரவு படுக்கும் முன் அன்றைய சோர்வுக்குப் பத்துக்கு ஒரு எண், போனில் காட்டும் நடைக் கணக்கு, அன்று இலக்கம் எத்தனை முறை இடம் மாறியது, இந்த மூன்றுதான். நான்கு வாரச் சராசரி 7.1. வாரத்துக்கு வாரம் 6.4-லிருந்து 7.6 வரை தானாகவே ஏறி இறங்கியது. இந்த ஏற்ற இறக்கம் தெரியாமல் தொடங்கியிருந்தால், தற்செயலாக வந்த ஒரு 6.4 வாரத்தைப் பார்த்துப் பவுடர் வேலை செய்கிறது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

2024 ஜனவரியில் தொடங்கினேன். வாங்கியது வேறு எதுவும் கலக்காத கிரியாட்டின் மோனோஹைட்ரேட். உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்டிருக்கிறதா, உள்ளடக்கத்தில் அந்த ஒரு பெயர் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்தேன். 'எனர்ஜி' என்று பெரிதாகப் போட்ட கலவைகளில் காஃபின் இருக்கும், என் மாதிரி ஆளுக்கு அது கடன் வாங்கி விருந்து வைப்பது மாதிரி. டப்பாவுக்குள் இருந்த கரண்டியை நம்பவில்லை. தட்டிச் சமப்படுத்தினால் ஒரு எடை, குவித்து எடுத்தால் வேறு எடை. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வீட்டில் கிடந்தது, அதில் ஒரு தாளை வைத்து 4 கிராம் நிறுத்துக்கொண்டேன்.

தண்ணீரில் போட்டால் சுண்ணாம்புத் தூள் மாதிரி அடியில் தங்கும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் நன்றாகக் கரைகிறது. கலக்கியதும் குடித்துவிட வேண்டும், பாட்டிலில் போட்டு நாள் முழுக்க வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவுப் பொருளாகவே மாறும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் குடித்தேன். ஜிம்காரர்கள் முதல் வாரம் தினமும் 20 கிராம் ஏற்றுவார்கள். அக்கா மகனும் அப்படித்தான் சொன்னான். நான் ஏற்றவில்லை. தினமும் 3 கிராம் எடுத்தாலே நான்கு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும் என்பது 1996-லேயே தெரிந்த விஷயம். ஒரே தடவையில் 10 கிராம் போனால் வயிற்றுப்போக்கு வர வாய்ப்பு அதிகம். இரண்டு வருடமாகச் சோர்ந்து கிடப்பவளுக்கு நான்கு வாரம் பொறுக்க முடியாதா என்ன?

முதல் மாதம் எடை 1.3 கிலோ கூடியது. தசை தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் வரும் எடை அது, கொழுப்பு இல்லை. வேறு மாற்றமே இல்லை. ஐந்தாவது வாரம் 6.6, ஆறாவது வாரம் 6.1. ஏழாவது வாரத்தில் ஒரு காலை, வாளியோடு பதினெட்டுப் படியும் ஏறி, கொடியில் துணி போட்டு, கீழே இறங்கி வந்த பிறகுதான் நான் நடுவில் உட்காரவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

அங்கேதான் தப்புச் செய்தேன். அன்றே இரண்டாவது வாளியையும் எடுத்துப் போனேன். அந்த வாரமே கோபியில் ஒரு கல்யாணம், போய் மண்டபத்தில் நான்கு மணி நேரம் நின்றேன். ஊர் திரும்பி அன்றிரவே ஜிஎஸ்டி வேலையையும் முடித்தேன். அன்று நன்றாகத்தான் இருந்தேன், மறுநாளும் பரவாயில்லை. இரண்டாம் நாள் காலை தொண்டை கரகரத்தது, உடம்பு காய்ச்சல் வருவதுபோல் நோவெடுத்தது, தலையைத் தூக்கினால் சுற்றியது. ஆறு நாள் படுக்கை. தாளில் 9, 9, 9, 8, 8, 8.

கிரியாட்டின் எனக்கு ஏதாவது செய்திருந்தால், அது கையிருப்பைக் கொஞ்சம் கூட்டியது. எல்லை மீறினால் விழும் நோயின் குணத்தை அது தொடவே இல்லை. இன்னும் மோசமாகச் சொன்னால், கால் கனக்கும் என்ற எச்சரிக்கை மணியை அது சற்றுத் தாமதப்படுத்தியது, நான் எல்லையைத் தாண்டிய பிறகுதான் மணி அடித்தது. அதன்பின் நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு இதுதான்: தெம்பாக உணர்ந்தாலும் நடைக் கணக்கு பழைய 2,500-லேயே நிற்க வேண்டும். இரண்டு வாரம் விழாமல் இருந்தால் மட்டும் 200 கூட்டலாம். விழுந்தால் பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். கூடுவதற்குக் காரணம் அன்றைய தெம்பாக இருக்கக் கூடாது, கடந்த இரண்டு வாரத்தின் ஏடாக இருக்க வேண்டும். இப்போது யாராவது என்னிடம் கிரியாட்டின் பற்றிக் கேட்டால் அளவைச் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் மாத முடிவில் நான்கு வாரச் சராசரி 5.8 என்று வந்தது. ஐந்தாம் மாத முடிவில் 5.2. இலக்கம் இடம் மாறுவது வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தது.

ஜூனில் வருடாந்திர ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் போனுக்கு வந்தது. கிரியாட்டினின் 1.1. சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் 64 என்று சிவப்பு எழுத்தில், முந்தைய முறை 93. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. மாமியார் எதுவும் சொல்லாமல் டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். இரண்டு இரவு தூக்கமில்லை.

டாக்டர் பதறவில்லை. இஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகத்தை நேராக அளப்பதில்லை, ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினை வயது, ஆண் பெண் என்ற விவரங்களோடு ஒரு வாய்பாட்டில் போட்டுக் கணக்கிடுவது. கிரியாட்டின் அதிகம் உள்ளே போனால் கழிவாக கிரியாட்டினினும் கொஞ்சம் கூடுதலாக உருவாகும். வடிகட்டி நன்றாகவே இருந்தாலும் வாய்பாடு அதை அடைப்பு என்று படிக்கும். அதோடு நான் முந்தைய நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டு, காலையில் பவுடரும் குடித்துவிட்டுப் போயிருந்தேன். இரண்டு காரியம் செய்யச் சொன்னார். கிரியாட்டினினைச் சாராத சிஸ்டாடின் சி என்ற ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனை. இரண்டும் சரியாக வந்தன. பவுடரை நிறுத்தி மூன்று வாரம் கழித்துப் பார்த்ததில் கிரியாட்டினினும் 0.9-க்கு இறங்கியது. இதனால் 'பவுடர்தான் காரணம்' என்று யாரும் தாங்களாக முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த இரண்டு பரிசோதனையும் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்லலாம். சோதனைச்சாலையில் ரத்தம் கொடுக்கும்போதே கிரியாட்டின் எடுப்பதைச் சொல்லியிருந்தால் இந்தக் கலவரமே வந்திருக்காது. இப்போது ஒவ்வொரு முறையும் சீட்டில் எழுதச் சொல்லிவிடுகிறேன்.

நிறுத்தியதுதான் நிறுத்தினோம், இதையும் ஒரு சோதனையாக்கலாம் என்று தோன்றியது. மூன்று வாரம் போதாது, தசை பழைய நிலைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆறு வாரம் விட்டேன். நடைக் கணக்கை அசைக்கவில்லை. கடைசி இரண்டு வாரச் சராசரி 5.7. மறுபடி தொடங்கி எட்டு வாரம் கழித்து 5.3.

7.1-லிருந்து 5.2-க்கு இறங்கியதில் பெரும்பங்கு பவுடருடையது என்றால், நிறுத்தியதும் பழைய ஏழுக்குப் பக்கத்தில் போயிருக்க வேண்டும். போகவில்லை. அரைப் புள்ளிதான் ஏறியது. அதுவும் என் வாராந்திர ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடுகிற அளவு, ஆடி வெயிலும் அதில் கலந்திருக்கலாம். ஆகவே என் ஏட்டின்படி, கால் பங்கு கிரியாட்டினுக்கு எழுதலாம், அதையும் பென்சிலில்தான் எழுத வேண்டும். மீதியை நாள் போக்கில் தானாக வந்த தேறுதலுக்கும், எல்லை மீறாமல் நடந்துகொண்டதற்கும் எழுதுகிறேன்.

கால் பங்குக்காகத் தினமும் பவுடர் கலக்க வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு அந்த அரைப் புள்ளி என்பது, மாலை ஐந்து மணிக்குப் பிறகு இன்னும் ஒரு கடையின் பில்களை ஏற்ற முடிகிறதா இல்லையா என்பது. இப்போதைக்கு எடுக்கிறேன், வருடத்துக்கு இரண்டு முறை சிஸ்டாடின் சி பார்க்கிறேன். டப்பா மேல்தட்டிலிருந்து இறங்கி, மாமியாரின் சுக்குக் காப்பிப் பொடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. துணி மட்டும் இன்றைக்கும் ஒரு வாளிதான்.